மூக்கு தானாகத் திரும்பினால்: ஒற்றை ரோட்டார் ஹெலிகாப்டரின் பிழையை அறிகுறி வழியே கண்டறிதல்

ஹோவரில், அதாவது தரைக்கு மேல் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் நிலையில், ஹெலிகாப்டரின் மூக்கு விமானி கேட்காமலேயே வலப்புறம் திரும்பத் தொடங்கினால், வால் ரோட்டார் பழுதாகிவிட்டது என்றுதான் பெரும்பாலோர் முதலில் நினைக்கிறார்கள். பராமரிப்புக் கொட்டகையில் என் கைக்கு வந்த இத்தகைய புகார்களில் பலவற்றில் வால் ரோட்டார் தன் வேலையைக் குறைவின்றிச் செய்துகொண்டிருந்தது. அதனிடம் கேட்கப்பட்ட வேலைதான் அதன் திறனை மீறியிருந்தது. கேட்கப்பட்டது எவ்வளவு, அது தரக்கூடியது எவ்வளவு என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பிழையின் இருப்பிடம் பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். ஆகவே அறிகுறிகளுக்குள் போவதற்கு முன் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுவோம்.

பெல் 206 ஜெட்ரேஞ்சரை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பிளேடுகள் கொண்ட அதன் முதன்மை ரோட்டாரின் விட்டம் 10.16 மீட்டர், அது நிமிடத்துக்குச் சுமார் 394 முறை சுற்றுகிறது, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. இக்கட்டுரையில் வலம், இடம் என்று சொல்வதெல்லாம் இந்தச் சுற்றுத்திசைக்கே பொருந்தும். இந்தியாவில் சேத்தக் என்ற பெயரில் தயாரிக்கப்பட்ட பிரெஞ்சு அலுவெட் 3 போன்ற எந்திரங்களில் ரோட்டார் எதிர்ப்புறம் சுற்றுவதால், அவற்றுக்கு வலத்தையும் இடத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறிக்கு முன் ஒரு கணக்கு

ரோட்டாரின் ஒவ்வொரு பிளேடும் சுழன்றுகொண்டே இருக்கும் ஓர் இறக்கை. விமானத்தின் இறக்கை காற்றைச் சந்திக்க விமானம் முழுவதும் ஓட வேண்டும். இங்கே உடல் நிற்க, இறக்கை மட்டும் ஓடுகிறது. பெல் 206-இல் பிளேடின் நுனி வினாடிக்கு 210 மீட்டர் வேகத்தில் செல்கிறது. பிளேடு காற்றைச் சிறு கோணத்தில் வெட்டும்போது அதன் மேற்பரப்பில் அழுத்தம் குறைகிறது, கீழே கூடுகிறது. அதே செயலை வெளியிலிருந்து பார்த்தால், ரோட்டார் மேலிருக்கும் காற்றை இழுத்துக் கீழே தள்ளுகிறது. இவை இரண்டு விளக்கங்கள் அல்ல, ஒரே நிகழ்வின் இரண்டு தோற்றங்கள். முழு எடையான 1,450 கிலோவுடன் கடல்மட்டத்தில் ஹோவர் செய்யும்போது, வினாடிக்கு ஏறக்குறைய 840 கிலோ காற்று ரோட்டார் வட்டத்தின் வழியே போகிறது; வட்டத்தைக் கடக்கையில் வினாடிக்கு எட்டரை மீட்டராக இருக்கும் அதன் வேகம் கீழே சென்று ஏறத்தாழ இருமடங்காகிறது. 840-ஐ 17-ஆல் பெருக்கினால் 14,200 நியூட்டனை ஒட்டிய எண் கிடைக்கும். அதுதான் எந்திரத்தின் எடை.

இப்போது சுழற்சிக்கு வருவோம். பிளேடு தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ஓடுவதால், அதை எதிர்கொள்ளும் காற்று சற்று மேலிருந்து சாய்ந்து வருகிறது. அதனால் தூக்குவிசை நேராக மேல்நோக்கி நிற்காமல் சிறிது பின்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சாய்வின் கிடைக்கூறு பிளேடின் ஓட்டத்தைத் தடுக்கிறது. காற்றின் உராய்வும் அதோடு சேர்ந்துகொள்கிறது. எந்திரம் வெல்ல வேண்டிய எதிர்ப்பு இவ்வளவுதான். அதாவது தூக்குவதும் தடுப்பதும் தனித்தனி விசைகள் அல்ல. ஒரே விசையின் இரு கூறுகள். தூக்குவிசையை மட்டும் வாங்கிக்கொண்டு முறுக்குவிசையை மறுக்க வழியில்லை.

மேற்சொன்ன ஹோவரில் முதன்மை ரோட்டார் ஏறக்குறைய 170 கிலோவாட் திறனை விழுங்குகிறது. அதைச் சுழற்சி வேகத்தால் வகுத்தால், நடுத்தண்டில் சுமார் 4,150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வருகிறது. எஞ்சினும் கியர்பெட்டியும் உடலில் பொருத்தப்பட்டிருப்பதால், அவை ரோட்டாரை இடப்புறம் முறுக்கும் அதே அளவுக்கு உடல் வலப்புறம் முறுக்கப்படுகிறது. அதைத் தடுக்க, நடுத்தண்டிலிருந்து சுமார் 6 மீட்டர் பின்னால் இருக்கும் வால் ரோட்டார் வாலை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 4,150-ஐ 6-ஆல் வகுத்தால் 690 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். 1.65 மீட்டர் விட்டமுள்ள, நிமிடத்துக்கு சுமார் 2,550 முறை சுற்றும் ஒரு சிறிய ரோட்டார், ஒரு முழு ஆளைத் தூக்கி வைத்திருப்பது போன்ற வேலையை நிறுத்தாமல் செய்கிறது. இடது பெடலை அழுத்தினால் அதன் பிளேடுகளின் கோணம் கூடித் தள்ளல் கூடும். வலது பெடல் குறைக்கும்.

இந்த 70 கிலோ என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் அறிகுறிகள் எல்லாமே, ஒன்று அந்தத் தேவை கூடியதால் வருகின்றன, அல்லது அதை நிறைவேற்றும் திறன் குறைந்ததால் வருகின்றன.

அறிகுறி: கலெக்டிவை உயர்த்தியவுடன் மூக்கு வலப்புறம் போகிறது

இது பிழையே அல்ல. கலெக்டிவ் நெம்புகோல் எல்லா பிளேடுகளின் கோணத்தையும் ஒன்றாகக் கூட்டுகிறது; தூக்குவிசை கூடும்போது முறுக்குவிசையும் கூடுகிறது; விமானி இடது பெடலைக் கூடவே கொடுக்காவிட்டால் மூக்கு வலப்புறம் போகத்தான் செய்யும். கலெக்டிவைத் தாழ்த்தும்போது அதே காரணத்தால் இடப்புறம் போகும். புதிதாகப் பயில்பவர்கள் இதைப் புகாராக எழுதிவைத்த ஏடுகளை நான் பார்த்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை, ஒன்றை மட்டும் கேட்டால் போதும். கலெக்டிவை அசைக்காமல் வைத்திருந்தால் பெடல் ஒரே இடத்தில் நிற்கிறதா? நிற்கிறது என்றால் எந்திரத்தில் குறையில்லை. காற்றே இல்லாத நாளில், கலெக்டிவ் அசையாமல் இருந்தும் பெடல் மட்டும் அலைந்துகொண்டே இருந்தால், அப்போதுதான் கருவிப்பெட்டியைத் திறக்க வேண்டும்.

அறிகுறி: காற்றில்லாத ஹோவரில் எந்திரம் வலப்புறம் நகர்கிறது, இடது சறுக்குக்கால் தாழ்ந்து நிற்கிறது

இதுவும் பெரும்பாலும் இயல்பே, ஆனால் காரணம் தெரியாமல் இதைச் 'சரிசெய்ய' முயன்றவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன். வாலை வலப்புறம் தள்ளும் அந்த 70 கிலோ, உடலின் சுழற்சியை நிறுத்துவதோடு நிற்பதில்லை. முழு ஹெலிகாப்டரையும் வலப்பக்கமாக இழுத்துச் செல்லப் பார்க்கிறது. அதைத் தடுக்க முதன்மை ரோட்டாரை இடப்புறம் சாய்க்க வேண்டும். 690 நியூட்டனை 14,200-ஆல் வகுத்துப் பார்த்தால் தேவையான சாய்வு மூன்று பாகைக்குச் சற்றுக் குறைவு. ரோட்டாரைச் சாய்க்கும் சைக்ளிக் கட்டையை அந்த அளவுக்கு இடப்புறம் பிடித்தால் எந்திரம் நகராது, ஆனால் உடலும் ரோட்டாரோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்து தொங்கும். அதனால்தான் தரையை விட்டு எழும்போது இடது சறுக்குக்கால் கடைசியில் எழுகிறது, இறங்கும்போது முதலில் தொடுகிறது. சில தயாரிப்பாளர்கள் நடுத்தண்டையே சற்று இடப்புறம் சாய்த்துப் பொருத்தி இதைக் குறைத்திருக்கிறார்கள். வலது கால் தாழ்ந்து நின்றால்தான் கவலைப்பட வேண்டும்; அப்போது முதலில் பயணிகளும் எரிபொருளும் எந்தப் பக்கம் ஏற்றப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்.

அறிகுறி: எந்திரம் எழ மறுக்கிறது, மூக்கு வலப்புறம் போகிறது, இடது பெடல் முடிவுக்கு வந்துவிட்டது

இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் வால் ரோட்டாரைப் பார்க்காதீர்கள். சுற்றுவேகக் காட்டியைப் பாருங்கள். அது குறைந்திருக்கும்.

எஞ்சினால் தர முடிந்ததை விட அதிகமாகக் கலெக்டிவ் உயர்த்தப்பட்டால், பிளேடுகளின் தடுப்பு எஞ்சினை வென்று ரோட்டார் மெதுவாகிறது. வேகம் குறைந்தால் தூக்குவிசை குறைகிறது. எந்திரம் கீழே இறங்குகிறது. இறங்குவதைக் கண்ட விமானி, மனித இயல்புப்படி, கலெக்டிவை இன்னும் உயர்த்துகிறார். ரோட்டார் இன்னும் மெதுவாகிறது. வால் ரோட்டார் முதன்மை ரோட்டாரோடு பல்சக்கரங்களால் கட்டப்பட்டது. முதன்மை ரோட்டார் மெதுவானால் அதுவும் அதே விகிதத்தில் மெதுவாகும்.

இங்கேதான் எண்கள் மிகக் கடுமையாகின்றன. எஞ்சின் தரும் திறன் அதே அளவில் இருக்க, சுற்றுவேகம் பத்து விழுக்காடு குறைந்ததாகக் கொள்வோம். திறனைச் சுற்றுவேகத்தால் வகுத்தால்தான் முறுக்குவிசை. ஆகவே அது பதினொரு விழுக்காடு கூடுகிறது. வால் ரோட்டாரின் தள்ளலோ சுற்றுவேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அதே பெடல் நிலையில் அது 81 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. தேவை கூடியதும் திறன் குறைந்ததும் சேர்ந்து, வால் ரோட்டாரின் சுமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியது போல் ஆகிறது. விமானி ஒரே ஒரு தவறு செய்தார், ஆனால் அது பெடலை இரண்டு பக்கமிருந்தும் நெருக்குகிறது. போதாததற்கு, பெடலை இடப்புறம் அழுத்துவதும் இலவசமல்ல. பெல் 206-இன் வால் ரோட்டார் சாதாரண ஹோவரிலேயே பன்னிரண்டு கிலோவாட் அளவுக்கு எஞ்சினிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பெடல் முடிவுவரை போனால் அது இன்னும் கூடும், ரோட்டாரின் பங்கு இன்னும் குறையும்.

செய்ய வேண்டியது: உடனே கலெக்டிவைச் சற்றுத் தாழ்த்த வேண்டும், எஞ்சின் திறனைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் கையால் இயக்குவதாக இருந்தால் அதையும் திறக்க வேண்டும். தரைக்கு மிக அருகில் எந்திரம் இறங்கிக்கொண்டிருக்கும்போது கலெக்டிவைத் தாழ்த்துவது மனம் ஒப்பாத செயல்தான், ஆனால் சுற்றுவேகம் மீளாமல் வேறு எதுவும் மீளாது. பெல் 206-இல் சுற்றுவேகம் சுமார் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை ஒலி வரும். அந்த ஒலிக்காகக் காத்திருக்கக் கூடாது. இதே நிலை அளவு மீறி நீடித்தால், பிளேடுகள் காற்றைச் சந்திக்கும் கோணம், தூக்குவிசை சரியத் தொடங்கும் ஸ்டால் எல்லையைத் தாண்டிவிடும். அதற்குப் பின் கலெக்டிவைத் தாழ்த்தினாலும் ரோட்டார் மீளும் என்பதற்கு உறுதியில்லை.

சுற்றுவேகம் முழு அளவில் இருந்தும் பெடல் முடிவுக்கு வருகிறது என்றால் இடத்தையும் எடையையும் பாருங்கள். 2,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைந்திருக்கும். அங்கே அதே எடையைத் தூக்க முறுக்குவிசை சிறிதளவே கூடுகிறது, ஆனால் வால் ரோட்டார் தரக்கூடிய உச்சத் தள்ளல் அடர்த்தியோடு சேர்ந்தே குறைந்துவிடுகிறது. மலையில் எஞ்சின் போதுமானதாக இருந்தும் பெடல் போதாமல் போவது இதனால்தான்.

அறிகுறி: சுற்றுவேகம் சரி, எடை சரி, திடீரென்று மூக்கு வலப்புறம் சுழல்கிறது

மெதுவாகப் பறக்கும்போது, பெரும்பாலும் மணிக்கு 55 கிலோமீட்டருக்குக் கீழே, முன்னறிவிப்பின்றி வலப்புறச் சுழற்சி தொடங்குவது உண்டு. அமெரிக்க ராணுவம் ஜெட்ரேஞ்சரின் உடன்பிறப்பான ஓஎச்-58-இல் இதைக் கண்டு ஆராய்ந்தது. பின்னர் 1995-இல் அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் இதைப் பற்றித் தனி அறிவுறுத்தல் வெளியிட்டது. அதன் மையக்கருத்து இது: இது எந்திரக் கோளாறு அல்ல, வால் ரோட்டார் சுழல்கிறது, பெடல் இணைப்பும் சரியாக இருக்கிறது, ஆனால் அதற்குள் நுழையும் காற்று கெட்டுப்போயிருக்கிறது.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசியது என்று விமானியிடம் கேளுங்கள். மூக்கின் திசையைப் பூஜ்யமாகக் கொண்டு, கடிகாரச் சுற்றில் 285 முதல் 315 பாகை வரை, அதாவது இடது முன்பக்கத்திலிருந்து காற்று வந்தால், முதன்மை ரோட்டாரின் நுனியிலிருந்து கழன்று வரும் சுழல் நேராக வால் ரோட்டாருக்குள் போகிறது. 210 முதல் 330 வரை, அதாவது இடப்பக்கத்திலிருந்து வந்தால், வேறொன்று நடக்கிறது. வால் ரோட்டார் வாலை வலப்புறம் தள்ளுவதற்காகக் காற்றை இடப்புறம் வீசுகிறது. அந்த வீச்சை எதிர்த்து வெளிக்காற்று வரும்போது, தான் வீசிய காற்றையே வால் ரோட்டார் திரும்ப விழுங்கத் தொடங்குகிறது. தள்ளல் ஏறி இறங்கித் தடுமாறும். விமானியின் கால்கள் ஓயாமல் அசைய வேண்டியிருக்கும். 120 முதல் 240 வரை, பின்பக்கத்திலிருந்து வந்தால், செங்குத்து வால்துடுப்பும் உடலும் காற்றாடி போல் செயல்பட்டு மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும். தொடங்கிய சிறு சுழற்சியை அது வேகப்படுத்திவிடும். பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதைக் கவனியுங்கள். இடப்பக்கக் காற்றில் தொடங்கிய சுழற்சி, மூக்கு வலப்புறம் திரும்பத் திரும்ப, காற்றைப் பின்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு பகுதியில் பிறந்த தொல்லை அடுத்த பகுதியில் வளர்கிறது.

மீளும் முறையையும் அந்த அறிவுறுத்தல் சொல்கிறது: இடது பெடலை முழுவதும் அழுத்த வேண்டும், அதே நேரத்தில் சைக்ளிக்கை முன்னே தள்ளி வேகமெடுக்க வேண்டும், உயரம் இடங்கொடுத்தால் கலெக்டிவைக் குறைக்க வேண்டும். இவற்றில் விமானிகள் தவறவிடுவது, பெடலை அழுத்தியபடியே வைத்திருப்பதை. பெடலை முழுவதும் கொடுத்தும் சுழற்சி உடனே நிற்காததால், அது வேலை செய்யவில்லை என்று எண்ணிக் காலை எடுத்துவிடுகிறார்கள். சுழலும் உடலின் நிலைமம் பெரியது. நிற்பதற்குள் ஒரு சுற்றோ அதற்கு மேலோ ஆகலாம்.

பறந்து முடித்து வந்தபின், இத்தகைய புகாருக்கு எந்திரத்தில் கழற்றுவதற்கு எதுவும் இருக்காது. ஆயினும் பெடல் முடிவுவரை போகிறதா, வால் ரோட்டாரின் கோணம் அதோடு சேர்ந்து முடிவுவரை போகிறதா என்பதை ஒருமுறை அளந்துவிட வேண்டும். காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு, உண்மையில் இருக்கும் ஒரு குறையைத் தாண்டிச் சென்றுவிடும் ஆபத்து இருக்கிறது. அடுத்த அறிகுறி அப்படிப்பட்டது.

அறிகுறி: முன்பைவிட இடது பெடல் அதிகம் தேவைப்படுகிறது

இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் கொட்டகையில் உண்மையாகவே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பிழை இதுதான்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வால் பகுதி பெரிய பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டு மீண்டும் பொருத்தப்பட்ட ஒரு ஜெட்ரேஞ்சர் பறக்கத் திரும்பியது. ஒரு வாரம் கழித்து விமானி, "ஹோவரில் இடது கால் எப்போதும் நீட்டியே இருக்கிறது, பலமான காற்றில் பெடல் மிச்சமே இருப்பதில்லை" என்று எழுதியிருந்தார். வால் ரோட்டார் பிளேடுகளின் முன்விளிம்பு மணல் பட்டுத் தேய்ந்திருக்கலாம் என்று முதலில் பேசினோம். செம்மண் திடலில் அடிக்கடி இறங்கும் எந்திரங்களில் அது நடப்பதுண்டு. விரலால் தடவினால் வழவழப்பான விளிம்புக்குப் பதிலாக உப்புத்தாள் போல் சொரசொரப்பாக இருக்கும். இந்த எந்திரத்திலும் கொஞ்சம் அப்படி இருந்தது. பிளேடுகளை மாற்றிவிடலாம் என்ற பேச்சும் வந்தது.

அதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டோம்: எஞ்சின் திறனைக் குறைத்து ஆட்டோரொட்டேஷனில் இறங்கும்போது பெடல் எங்கே நிற்கிறது?

அந்தக் கேள்வியின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோரொட்டேஷனில் ரோட்டாரைச் சுழற்றுவது எஞ்சின் அல்ல, கீழிருந்து மேலே வரும் காற்று. நடுத்தண்டின் வழியே உடலை முறுக்குவதற்கு எதுவும் இல்லை. ஆகவே வால் ரோட்டாரிடம் கேட்கப்படும் தள்ளல் ஏறக்குறையப் பூஜ்யம். பெடல் நடுவைத் தாண்டி வலப்புறம் இருக்கும். பிளேடு தேய்ந்திருந்தால் அந்தக் குறை தள்ளல் மிகுதியாகத் தேவைப்படும் ஹோவரில்தான் தெரியும். தள்ளலே கேட்கப்படாத ஆட்டோரொட்டேஷனில் பெடல் பழைய இடத்திலேயே நிற்க வேண்டும். மாறாக, பெடலுக்கும் பிளேடுக்கும் இடையிலான இணைப்பின் நீளம் தவறாக அமைக்கப்பட்டிருந்தால், பெடலின் முழு வரம்பும் ஒரே அளவு நகர்ந்திருக்கும். ஹோவரில் எவ்வளவு கூடுதல் இடது கால் தேவையோ, ஆட்டோரொட்டேஷனிலும் அதே அளவு பெடல் இடப்புறம் தள்ளி நிற்கும்.

விமானி மறுநாள் பறந்து பார்த்துவிட்டு வந்தார். முன்பெல்லாம் ஆட்டோரொட்டேஷனில் வலது கால் நன்றாக நீள வேண்டியிருந்தது, இப்போது பெடல்கள் கிட்டத்தட்ட நேராக நிற்கின்றன என்றார். வரம்பு முழுவதுமே நகர்ந்திருந்தது. பிளேடு பேச்சு அத்துடன் நின்றது.

பெடலை முழு இடப்புறம் அழுத்தித் தடுப்பில் முட்டவைத்து, வால் ரோட்டார் பிளேடின் மேல் கோணமானியை வைத்து அளந்தோம். பெடல் முடிவுக்குப் போயிருந்தது, பிளேடின் கோணம் பராமரிப்புக் கையேட்டில் சொன்ன முடிவுக்குப் போகவில்லை. முழு வலப்புறம் அழுத்தியபோது கோணம் கையேட்டின் எல்லையைத் தாண்டிப் போனது. இரண்டு பக்கமும் ஒரே அளவு பிசகு. பெடலிலிருந்து வால்வரை செல்லும் தள்ளு-இழு தண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் போனபோது, மீண்டும் பொருத்துகையில் ஒரு தண்டின் முனை திருகு சில சுற்றுகள் அதிகமாக உள்ளே போயிருந்தது தெரிந்தது. பூட்டுக்கம்பி முறையாகக் கட்டப்பட்டிருந்தது, கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது, நீளம்தான் தவறு. நீளத்தைச் சரிசெய்து, இரு முனைகளிலும் கோணத்தை மீண்டும் அளந்து, வேறொருவர் தனியே சரிபார்த்துக் கையெழுத்திட்ட பின் எந்திரம் பறந்தது. இடது கால் பழைய இடத்துக்கு வந்தது.

பிளேடை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதிய பிளேடு சற்றுக் கூடுதலாகத் தள்ளியிருக்கும், புகார் கொஞ்சம் குறைந்திருக்கும், இடது பக்கத்தின் கடைசிப் பாகைகள் இல்லாமலேயே அந்த எந்திரம் காற்றில் திரிந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அறிகுறி: பெடலை அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை

இங்கே இரண்டு வேறுபட்ட நிலைகள் உண்டு. ஒன்று, வால் ரோட்டாருக்குப் போகும் சுழற்சித் தண்டு முறிவது. அப்போது வால் ரோட்டார் நின்றுபோகிறது. மற்றொன்று, அது சுழன்றுகொண்டே இருக்க, அதன் கோணத்தை மாற்றும் அமைப்பு பெடலிடமிருந்து அறுந்துபோவது. பார்ப்பவருக்கு இரண்டாவது நிலையில் எல்லாம் இயங்குவது போலவே தெரியும்.

2018 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரக் கால்பந்துத் திடலிலிருந்து எழுந்த ஏடபிள்யூ169 ஹெலிகாப்டரில் நடந்தது இரண்டாவது வகை. சுமார் 430 அடி உயரத்தில் அது வலப்புறம் கட்டுக்கடங்காமல் சுழலத் தொடங்கி விழுந்தது. அதில் இருந்த ஐவரும் இறந்தார்கள். பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு கண்டறிந்த வரிசை இது: வால் ரோட்டாரின் நடுவில் இருந்த ஒரு பேரிங் இறுகிப்போனது. சுழலக் கூடாத கட்டுப்பாட்டுத் தண்டு, இறுகிய பேரிங்கோடு சேர்ந்து சுழலத் தொடங்கியது. சுழன்றதால் அது தன் இணைப்பிலிருந்து தானே திருகிக் கழன்றது. வால் ரோட்டார் கடைசிவரை சுழன்றது, பிளேடுகளின் கோணம் மட்டும் விமானியின் கையை விட்டு நகர்ந்து தன் எல்லைக்குப் போய்விட்டது.

தரைக்கு அருகே ஹோவரில் வால் ரோட்டாரின் தள்ளல் முற்றிலும் போனால், திராட்டிலை மூடுவதுதான் வழி. எஞ்சின் முறுக்குவதை நிறுத்தினால் உடலைத் திருப்பும் விசையும் நின்றுவிடும். சுழலும் ரோட்டாரில் மிஞ்சியிருக்கும் ஆற்றலைக் கலெக்டிவால் செலவழித்து எந்திரத்தைத் தரையில் அமர்த்த வேண்டும். முன்னோக்கி வேகமாகப் பறக்கும்போது நடந்தால் நிலைமை சற்று இலகு; செங்குத்து வால்துடுப்பு காற்றைப் பிடித்து மூக்கை ஓரளவு நேராக வைத்திருக்கும், அந்த வேகத்தை இழக்காமல் பொருத்தமான நிலத்தைத் தேடிப்போய் ஆட்டோரொட்டேஷனில் இறங்க நேரம் கிடைக்கும். ஒவ்வொரு எந்திரத்தின் பறத்தல் கையேட்டிலும் இதற்கான முறை தனியே இருக்கிறது. அந்தக் கையேடு சொல்வதே அந்த எந்திரத்துக்கு இறுதியானது.

அறிகுறி: பெடல் வழியாகக் கால்களில் நடுக்கம்

நடுக்கத்தை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். முதன்மை ரோட்டார் வினாடிக்கு ஆறரைச் சுற்று சுற்றுவதால், அதன் சமநிலைக் குறை இருக்கையில் குலுக்கலாகத் தெரியும். விரலால் தாளம் போட்டு ஏறக்குறையத் தொடரலாம். வால் ரோட்டாரின் சுற்று வினாடிக்கு நாற்பதுக்கு மேல். அது குலுக்கலாக அல்லாமல், பாதத்தின் அடியில் ரீங்காரமாக, சிறிது நேரத்தில் கால் மரத்துப்போவது போல் தெரியும். இருக்கையில் குலுக்கல் என்றால் முதன்மை ரோட்டாரின் பிளேடுகள் ஒரே தளத்தில் ஓடுகின்றனவா என்று பார்க்கத் தொடங்குங்கள். பாதத்தில் ரீங்காரம் என்றால் எஞ்சினை அணைத்து, வால் ரோட்டார் நின்றபின், ஒரு பிளேடின் நுனியைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கோணத்தை மாற்றும் இணைப்புகளிலும் பேரிங்குகளிலும் தளர்வு இருந்தால் கைக்குத் தட்டும். கையால் சுற்றும்போது எங்காவது கரகரப்போ பிடிப்போ தெரிந்தால், அந்த எந்திரத்தை அன்று பறக்க விடாதீர்கள். பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள்.